இருவர் பேசும் பாட்காஸ்டுக்கு முழு ஸ்கிரிப்ட் வேண்டாம்: ஒரு பக்கக் குறிப்பு எழுதும் முறை

நண்பர்கள் இருவர் சேர்ந்து பாட்காஸ்ட் தொடங்கினால் முதலில் வரும் சந்தேகம், பேசப்போவதை எழுதி வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதுதான். முழுதாக எழுதினால் படிப்பதுபோல் கேட்கிறது. எதுவுமே எழுதாமல் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் பேச்சு வற்றிப்போகிறது. நானும் என்னுடன் பேசுபவரும் இந்த இரண்டுக்கும் நடுவில் நிறைய அலைந்த பிறகு ஒரு பக்கக் குறிப்பில் வந்து நின்றோம். அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

இந்த முறை யாருக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே இருவர், சுமார் அரைமணி நேரம், இயல்பான அரட்டை நடையில் பேசும் நிகழ்ச்சிக்கு இது பொருந்தும். ஒருவரே கதை சொல்லும் நிகழ்ச்சிக்கும், பல குரல்களைக் கோத்துச் செய்யும் ஆவண நிகழ்ச்சிக்கும் ஸ்கிரிப்ட்தான் சரி. அவற்றை இதில் சேர்க்கவில்லை.

## 1. எந்த வரிகளை முழுதாக எழுதலாம் என்று முடிவு செய்யுங்கள்

தாளைப் பார்த்துப் படிப்பவர் எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்பதில்லை. தன் அடுத்த வரி எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார். எதிராளி எதிர்பாராத ஒன்றைச் சொன்னாலும் பதிலாக வருவது தாளில் இருக்கும் வரிதான். இது ஓரிரு நிமிடத்திலேயே கேட்பவர் காதில் பட்டுவிடும்.

தமிழில் கூடுதலாக இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எழுதும்போது கை தானாக எழுத்து நடைக்குப் போய்விடுகிறது. பேசும்போது அதை வாய் பேச்சு நடைக்கு மாற்ற வேண்டும். பாதி மாறும், பாதி மாறாது. ஒரு வாக்கியத்தில் "செய்துகொண்டிருந்தேன்" என்றும் அடுத்ததில் "பண்ணிட்டு இருந்தேன்" என்றும் வந்தால் கேட்பவருக்கு உடனே உறுத்தும். சரி, பேச்சு நடையிலேயே எழுதிக்கொள்ளலாமே என்றால் அதையும் வேகமாகப் படிக்க முடிவதில்லை. நம் கண்ணுக்கு அந்த எழுத்து வடிவம் பழக்கமில்லை.

அதனால் முழு வாசகமாக எழுத வேண்டியவை இவை மட்டும்:

- தொடக்கத்தின் முதல் இரண்டு மூன்று வாக்கியங்கள். குரல் இன்னும் சூடாகாத நேரம் அது.
- பெயர், எண், மேற்கோள். இவற்றை நினைவிலிருந்து சொல்லக் கூடாது.
- விளம்பரதாரர் கொடுத்த வாசகம் இருந்தால் அது. பெரும்பாலும் வார்த்தை மாறாமல் சொல்லத்தான் ஒப்புக்கொண்டிருப்பீர்கள்.
- உடல்நலம், பாதுகாப்பு பற்றிய எச்சரிக்கை.
- முடிக்கும் வாக்கியம். இது இல்லாவிட்டால் "சரி, அப்புறம் பார்க்கலாம், வேற என்ன" என்று நிகழ்ச்சி முடியவே முடியாது.

முழு வாசகத்தை மட்டும் பேச்சு நடையில் எழுதி, இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சில வாக்கியங்கள்தான் என்பதால் இது சிரமம் இல்லை. மற்றதெல்லாம் பாயின்ட்.

## 2. குறிப்பு எழுதும் முன் 15 நிமிடம் பேசுங்கள், ஆனால் கதையைச் சொல்லிவிடாதீர்கள்

தாளில் கை வைக்கும் முன் இருவரும் தொலைபேசியில் கால் மணி நேரம் பேசிக்கொள்ளுங்கள். அதில் முடிவாக வேண்டியவை மூன்று. இந்த எபிசோடின் மையக் கேள்வி என்ன? இன்று அனுபவம் சொல்பவர் யார், கேட்பவர் யார்? எதைப் பேசக் கூடாது? மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வீட்டு விஷயம், அலுவலக விஷயம், வேறொருவர் பெயர் என்று எது பதிவில் வரக் கூடாதோ அதை இப்போதே சொல்லிவிட்டால் பின்னால் வெட்டி ஒட்டும் வேலை மிச்சம்.

இந்தப் பேச்சில் ஒரு பொறி இருக்கிறது. ஆர்வத்தில் ஒருவர் முழுக் கதையையும் சொல்லிவிடுவார். அது நல்ல கதையாக இருந்தால் இழப்பு இன்னும் பெரிது. இரண்டாம் முறை சொல்லும்போது அவரே சுருக்கிவிடுவார், "அதான் சொன்னேனே" என்று கூட வந்துவிடும். கேட்பவரும் முதல்முறை கேட்பதுபோல் நடிக்க வேண்டியிருக்கும். நடிப்பு குரலில் தெரிந்துவிடும். எனவே கதை தொடங்கும் இடத்திலேயே நிறுத்தி, அதற்கு ஒரு தலைப்பு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். நீச்சல் கற்றதைப் பற்றிய எபிசோட் என்றால் "மூக்குல தண்ணி ஏறின நாள் ஒண்ணு இருக்கு" என்பது போதும். அந்தத் தலைப்பே நாளைக்குப் பாயின்ட் ஆகிவிடும்.

## 3. அரைமணி நேரத்தைப் பகுதிகளாகப் பிரியுங்கள்

30 நிமிடத்துக்கு நான் பயன்படுத்தும் கணக்கு இது: தொடக்கம் 2 நிமிடம், பிறகு நான்கு பகுதிகள் முறையே 6, 8, 7, 5 நிமிடம், முடிவு 2 நிமிடம். நடுப்பகுதிக்கு அதிக நேரம் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். இருவரும் மைக்கை மறந்து பேச ஆரம்பிப்பது பெரும்பாலும் அங்கேதான், அதனால் முக்கியமான விஷயத்தை அங்கே வைக்க வேண்டும். கடைசிக்குச் சேமித்து வைத்தால் நேரம் போதாமல் அதுதான் அடிபடும்.

ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று அல்லது நான்கு பாயின்ட். இருவர் நிதானமாகப் பேசினால் ஒரு நல்ல பாயின்ட் ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஓடும். அப்படியானால் அரைமணிக்கு 13, 14 பாயின்ட் போதும். தாளில் 25 இருந்தால் இருவரும் பட்டியலைத் தீர்க்க ஓடுவார்கள். ஏழெட்டுதான் இருந்தால் ஒன்றிரண்டு பிசுபிசுத்தாலே பேச்சு நின்றுவிடும். உங்கள் வேகம் வேறாக இருக்கலாம். முதல் பதிவு முடிந்ததும் எத்தனை பாயின்ட் எத்தனை நிமிடத்தில் தீர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த தாளை அந்தக் கணக்கில் எழுதலாம்.

நேரத்தை "6 நிமிடம்" என்று எழுதாமல் "2–8", "8–16" என்று கடிகாரம் ஓடும் வரிசையில் எழுதுங்கள். பேசிக்கொண்டே கழித்துப் பார்க்க யாராலும் முடியாது. திரையில் 14:00 ஓடுகிறது, தாளில் 8–16 இருக்கிறது என்றால் இன்னும் இரண்டு நிமிடம் என்று பார்த்தவுடனே தெரியும்.

## 4. பாயின்ட்டை வாக்கியமாக முடிக்காதீர்கள்

முழு வேலையிலும் கவனம் தேவைப்படுவது இங்கேதான். பாயின்ட் என்ற பெயரில் பலர் எழுதுவது சுருங்கிய ஸ்கிரிப்ட். "தண்ணீருக்குள் மூச்சை வெளியே விட வேண்டும் என்பது எனக்கு முதலில் தெரியவில்லை" என்று எழுதியிருந்தால் பேசுபவர் அதை அப்படியே சொல்வார். ஐந்து நொடியில் விஷயம் முடிந்துவிடும். எதிரில் இருப்பவருக்கு "ஓ, அப்படியா" என்பதைத் தவிர சொல்ல எதுவும் இருக்காது.

அதையே "தண்ணிக்குள்ள மூச்சு: விடுவதா, பிடிப்பதா?" என்று எழுதிப் பாருங்கள். பேசுபவர் பதிலைத் தன் வாயால் உருவாக்கியாக வேண்டும். கேட்பவர் தன் ஊகத்தைச் சொல்லலாம், தவறாகவும் சொல்லலாம். அந்தத் தவறிலிருந்து பேச்சு வளரும்.

எனவே ஒரு பாயின்ட்டுக்கு ஐந்தாறு சொல் போதும். வினைமுற்றோடு முடித்த வாக்கியம் வேண்டாம், முடிவைச் சொல்லிவிடவும் வேண்டாம். எனக்குப் பலன் கொடுத்தவை மூன்று வகை. ஒன்று நிகழ்ச்சியின் தலைப்பு: "மூக்கில் தண்ணீர் ஏறிய நாள்". இன்னொன்று ஆம், இல்லை என்று முடிக்க முடியாத கேள்வி. "தண்ணின்னா பயமா?" என்று கேட்டால் "ஆமா" என்பதோடு முடிந்துபோகும். "எந்த நொடியில சுவரை விட்டே?" என்று கேட்டால் பதில் சொல்பவர் அந்த இடத்துக்குத் திரும்பிப் போகத்தான் வேண்டும். மூன்றாவது வகை கருத்து வேறுபாடு. இருவரும் உண்மையிலேயே வேறுவேறாக நினைக்கும் ஒன்று இருந்தால் யார் எந்தப் பக்கம் என்று மட்டும் குறித்துவிடுங்கள், வாதங்களை எழுத வேண்டாம். இல்லாத சண்டையை உருவாக்கவும் வேண்டாம். அது நிலைக்காது.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் உண்டு. "பயம்", "பயிற்சி", "அனுபவம்" என்று ஒற்றைச் சொல்லாக எழுதுவது. எழுதும் நாளில் அதன் பின்னால் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். நான்கு நாள் கழித்து மைக் முன் உட்காரும்போது மறந்திருக்கும். "பயம்" என்பதை "கால் தரை தொடாத இடம்" என்று மாற்றினால் ஒரு காட்சி கிடைக்கிறது, அதிலிருந்து பேசலாம்.

சரியாக எழுதியிருக்கிறீர்களா என்று பார்க்க எளிய சோதனை இருக்கிறது. எழுதிய மறுநாள் ஏதாவது ஒரு பாயின்ட்டில் விரலை வைத்து ஒரு நிமிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். இருபது நொடியில் நின்றுபோனால் அது மங்கலாக இருக்கிறது. தாளில் உள்ள சொற்களே அதே வரிசையில் வாயில் வந்தால் அது இன்னும் ஸ்கிரிப்ட்தான். இரண்டையும் திருத்துங்கள். அடுத்தவரின் கதையைச் சோதிக்க வேண்டாம், அது பதிவில்தான் வெளிவர வேண்டும்.

## 5. ஒரு முழுத் தாள் எப்படி இருக்கும்

மேலே சொன்னதெல்லாம் சேர்ந்தால் தாள் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். பேசுபவர்கள் க, ம என்று வைத்துக்கொள்வோம். பெரியவரான பிறகு நீச்சல் கற்றவர் க. இன்னும் இறங்காதவர் ம. நட்சத்திரம் போட்டவை எந்த நிலையிலும் விடக் கூடாத பாயின்ட்கள். பாலம் என்பது அடுத்த பகுதிக்குக் கொண்டுபோகும் கேள்வி.

மையக் கேள்வி: தண்ணீர் பயம் எப்போது போனது?
சொல்பவர்: க. கேட்பவர்: ம. கடிகாரம்: ம.

தொடக்கம், 0–2 (ம, முழு வாசகம்): "சின்ன வயசுல நீச்சல் கத்துக்காம விட்டவங்க நிறைய பேர் இருக்கோம். பெரியவங்களான பிறகு தண்ணில இறங்கினா என்ன ஆகும்னு இன்னைக்குப் பேசப் போறோம். எதிர்ல இருக்கிறவங்க இறங்கிட்டாங்க, நான் இன்னும் கரையிலதான்."

பகுதி 1, 2–8: இறங்கும் முன்
- இத்தனை வருஷம் தள்ளிப்போட்டது ஏன்?
- முதல் நாள், பக்கத்தில் குழந்தைகள்
- ★ கால் தரை தொடாத இடம்
- பாலம் (ம): "முதல் பாடமா என்ன சொல்லிக் கொடுத்தாங்க?"

பகுதி 2, 8–16: மூச்சு
- ★ தண்ணிக்குள்ள மூச்சு: விடுவதா, பிடிப்பதா?
- மூக்கில் தண்ணீர் ஏறிய நாள்
- மிதப்பது: சும்மா இருப்பது ஏன் கஷ்டம்?
- எந்த நொடியில் சுவரை விட்டது?
- பாலம் (ம): "இதெல்லாம் சொல்லித்தர ஆள் இல்லாம வருமா?"

பகுதி 3, 16–23: சொல்லித் தருபவர்
- கத்துகிறவர், பொறுமைக்காரர்
- ★ வீடியோ பார்த்துக் கற்பது (ம: முடியும், க: முடியாது)
- கூட்டமான நேரம், காலியான நேரம்
- எச்சரிக்கை (க, முழு வாசகம்): "நீச்சல் தெரியாதவங்க தனியா தண்ணில இறங்காதீங்க. நீச்சல் தெரிஞ்ச ஒருத்தர் கூடவே, கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும்."
- பாலம் (க): "சரி, நீ எப்போ இறங்கப் போறே?"

பகுதி 4, 23–28: ம-வின் முறை
- எது தடுக்கிறது?
- முதல் வாரம்: எதை எதிர்பார்க்கக் கூடாது?
- குளத்தின் நீளத்தை முதன்முதலாக முடித்த நாள்
- தகவல்: ஒலிம்பிக் குளத்தின் நீளம் 50 மீட்டர், சிறிய போட்டிக் குளம் 25 மீட்டர்

முடிவு, 28–30 (க, முழு வாசகம்): "அடுத்த எபிசோடுக்குள்ள ஒரு தடவையாவது குளத்தைப் போய்ப் பார்த்துட்டு வர்றதா வாக்குக் கொடுத்திருக்காங்க. போனாங்களா இல்லையான்னு அப்போ கேட்போம். வணக்கம்."

பாலம், எச்சரிக்கை, தகவல் நீங்கலாக மொத்தம் 13 பாயின்ட். எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கும். இதையே முழுதாக எழுதியிருந்தால் பத்துப் பக்கம் தாண்டியிருக்கும்.

மூச்சு பற்றிய பாயின்ட் பதிவில் இப்படி விரியலாம்:

ம: தண்ணிக்குள்ள மூச்சைப் பிடிச்சுக்கணும், அவ்வளவுதானே?

க: நானும் அப்படித்தான் நினைச்சேன். பிடிக்கக் கூடாதாம். தலை உள்ள இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடணும்.

ம: உள்ளயே விட்டா, வெளிய வந்ததும் மூச்சு முட்டாதா?

க: அங்கதான் விஷயமே. உள்ள விடாம வெளிய வந்தா, வந்த உடனே விடவும் செய்யணும், இழுக்கவும் செய்யணும். தலை வெளிய இருக்கிற அந்தச் சின்ன நேரத்துல ரெண்டும் நடக்காது.

ம: அப்போ மூக்குல தண்ணி ஏறுறதும் இதனாலதானா?

கடைசிக் கேள்வியைப் பாருங்கள். அடுத்த பாயின்ட்டுக்கு ம தாளைப் பார்த்துத் தாவவில்லை, க சொன்னதைக் கேட்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். வாசகம் எழுதியிருந்தால் இது வந்திருக்காது. இப்படி நடந்தால் தாளில் அந்த வரியை அடித்துவிட்டுத் தொடரலாம்.

## 6. பகுதி மாறும் இடத்துக்கு மட்டும் பாலம் எழுதுங்கள்

ஒரு பகுதிக்குள் பேச்சு தானாக நகரும். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதுதான் இருவரும் ஒரே நேரத்தில் தாளைப் பார்த்து மௌனமாவார்கள். அதனால்தான் ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் ஒரு கேள்வியும், அதைக் கேட்பவர் யார் என்பதும் தாளில் இருக்கிறது.

கடிகாரம் பார்ப்பவர் ஒருவராகவே இருக்கட்டும். இருவரும் பார்த்தால் இருவரும் அவசரப்படுவார்கள். நேரம் ஆகிவிட்டது என்று சொல்ல வாயைத் திறக்காமல் விரலை உயர்த்தினால் போதும்.

வெவ்வேறு இடத்திலிருந்து இணையம் வழியாகப் பேசினால் குரல் போய்ச் சேரச் சிறிது தாமதம் ஆகும். இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்லு, நீ சொல்லு" என்று சிக்குவது இதனால்தான். கேள்வியின் முடிவில் எதிராளியின் பெயரைச் சொல்லி நிறுத்தும் பழக்கம் இதைப் பெருமளவு தீர்க்கும். கேமராவையும் திறந்து வையுங்கள், பதிவாவது குரல் மட்டும் என்றாலும் விரல் சைகை தெரிய வேண்டுமே.

## 7. தாளைத் தயார் செய்வது

இருவருக்கும் பொதுவான தாள் ஒன்று. அதற்கு மேல் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் இரண்டு மூன்று கேள்விகள் எழுதி வைத்துக்கொள்ளலாம், அடுத்தவருக்குக் காட்ட வேண்டாம். ஆனால் முழு வாசகங்களும் எண்களும் இருவர் தாளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் தவறாகச் சொன்னால் அடுத்தவர் அங்கேயே திருத்த முடியும்.

இணையத்தில் பகிரும் ஆவணமாக வைத்திருந்தால் பதிவுக்கு ஒரு மணி நேரம் முன்பே திருத்துவதை நிறுத்திவிடுங்கள். பேசும்போது ஒருவர் வரி சேர்த்தால் அடுத்தவர் திரையில் எல்லாம் நகர்ந்து, பார்த்துக்கொண்டிருந்த இடம் தொலைந்துபோகும்.

அச்செடுப்பதாக இருந்தால் 14 அல்லது 16 அளவு எழுத்து, ஒரு பக்கம் மட்டும். ஒரு பக்கத்தில் அடங்காவிட்டால் இரண்டு தாள்களை அருகருகே பரப்பி வையுங்கள், பின் அடிக்காதீர்கள். தாளைப் புரட்டும் சத்தம் மைக்கில் நன்றாகவே விழும்.

தாள் இருக்கும் இடமும் குரலை மாற்றும். மேஜையில் கிடந்தால் ஒவ்வொரு முறையும் தலை குனியும், வாய் மைக்கிலிருந்து விலகும், குரல் திடீரென்று மங்கும். எடிட்டிங்கில் ஒலியளவைக் கூட்டினால் அறையின் இரைச்சலும் கூடவே ஏறும். தாளை மைக்குக்குப் பின்னால், கண் மட்டத்தில் நிறுத்தி வையுங்கள்.

## 8. பதிவு ஓடும்போது

கையில் ஒரு பேனா வேண்டும். பேசி முடித்த பாயின்ட்டை அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேசியதையே மறுபடி கேட்டுவிடுவோம், கேட்பவர்கள் அதைக் கவனிப்பார்கள்.

தாளில் இல்லாத பக்கம் பேச்சு போனால் என்ன செய்வது? சுவையாக இருந்தால் விட்டுவிடுங்கள். நான் மூன்று நிமிடம் வரை தொடுவதில்லை. அதற்குப் பிறகும் ஓடினால் கடிகாரம் பார்ப்பவர் ஒரு முடிவு எடுக்க வேண்டும். இதுவே இன்றைய விஷயம் என்று தோன்றினால் பின்னால் இருக்கும் ஒரு பகுதியை முழுதாக விட்டுவிடலாம். எல்லாப் பகுதியையும் கொஞ்சம் கொஞ்சம் சுருக்குவதுதான் பெரிய தவறு, கடைசிப் பத்து நிமிடம் மூச்சிரைக்க ஓடும். மேலே உள்ள தாளில் 20-ஆவது நிமிடத்தில் இன்னும் மூச்சைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பகுதி 3-ல் நட்சத்திரப் பாயின்ட்டையும் எச்சரிக்கையையும் மட்டும் சொல்லிவிட்டு, பகுதி 4-ஐ அடுத்த எபிசோடுக்குத் தள்ளுங்கள். முடிவு வாசகத்தில் கைவைக்க வேண்டியதில்லை.

வாய் குழறினால் இரண்டு நொடி அமைதியாக இருந்து, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். தவறிய சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னால் அதை வெட்டி ஒட்டும்போது குரலின் ஏற்ற இறக்கம் பொருந்தாது. திரும்பச் சொல்லும் முன் ஒரு முறை கை தட்டினால், எடிட் செய்யும்போது அலைவடிவத்தில் அது கூர்மையாக உயர்ந்து நிற்கும், தேட வேண்டியதில்லை. தாளின் ஓரத்தில் நேரத்தையும் குறித்துவிடுங்கள்.

## 9. எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு

எங்களுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய இப்படி: முதல் பேச்சு கால் மணி, தாள் எழுத முக்கால் மணி, எண்களையும் பெயர்களையும் சரிபார்க்க 20 நிமிடம். அரைமணி எபிசோடுக்கு 40 முதல் 45 நிமிடம் பதிவு செய்கிறோம். அந்தக் கூடுதல் கால் மணியிலிருந்துதான் மந்தமான இடங்களை எடுக்க முடிகிறது.

பதிவுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு தாளை முடித்துவிடுவது நல்லது. ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி விட்டால் பாயின்ட்டின் பின்னால் இருந்தது மறக்கும். அன்றைக்கே எழுதினால் எண்களைச் சரிபார்க்க நேரம் இருக்காது.

குறிப்புக்கென்று பணச் செலவு கிடையாது. ஆனால் அது சரியில்லாவிட்டால் செலவு வேறு வழியில் வரும். மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஸ்டூடியோவில் உட்கார்ந்து "அடுத்து என்ன பேசலாம்" என்று யோசித்தால் அந்த நிமிடங்களுக்கும் வாடகை உண்டு. எடிட்டிங்கை வெளியே கொடுப்பவர்கள், கட்டணம் முடிந்த எபிசோடின் நீளத்துக்கா, வெட்டாத பதிவின் நீளத்துக்கா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது என்றால் 90 நிமிடம் பேசிவிட்டு 30 நிமிடமாக வெட்டித் தரச் சொல்வது கையைக் கடிக்கும். ஓரத்தில் நேரம் குறித்த தாளின் படத்தையும் எடிட்டருக்கு அனுப்புங்கள். எங்கே வெட்ட வேண்டும் என்று கேட்டுத் தேடும் நேரம் அவருக்குக் குறையும்.

## 10. பதிவு முடிந்த பிறகு தாளைத் தூக்கிப் போடாதீர்கள்

எபிசோடின் விளக்கக் குறிப்பில் போடும் நேரப் பட்டியலுக்கு இந்தப் பகுதித் தலைப்புகளே போதும். ஆனால் நேரத்தை எடிட் முடிந்த கோப்பைப் பார்த்து எழுதுங்கள், தாளில் உள்ளது திட்டம்தான். யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால் பட்டியலின் முதல் வரி 00:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று வரிகள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்து நொடியாவது நீள வேண்டும். இல்லையென்றால் அது அத்தியாயங்களாகப் பிரியாது. நம் எடுத்துக்காட்டுக்கு இப்படி வரும்:

```
00:00 தொடக்கம்
01:40 இறங்கும் முன்
07:55 மூச்சு
17:20 சொல்லித் தருபவர்
24:05 எப்போ இறங்கப் போறே?
```

அடிக்காமல் மிஞ்சிய பாயின்ட்களை ஒரு தனிக் கோப்பில் சேர்த்து வைத்தால் அடுத்த தாள் எழுதும்போது முதல் சில வரிகள் அங்கேயே கிடைக்கும். ஆனால் ஒரே பாயின்ட் இரண்டு மூன்று தாள்களில் எழுதப்பட்டும் ஒவ்வொரு முறையும் பேசாமலே தப்பிக்கிறது என்றால், உங்கள் இருவருக்கும் அதில் ஆர்வம் இல்லை. நீக்கிவிடுங்கள்.